பிழையைத் திருத்தியாச்சு... வேலை கேட்கலாமா?

கொடுமுடியில் உட்கார்ந்தபடியே மும்பையில் உருவாகும் மென்பொருளின் பிழையைத் திருத்தலாம். ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதே காரணம். எந்தத் திருத்தத்தை ஏற்பது என்று முடிவெடுப்பவர் மெயின்டெய்னர். நாலைந்து திருத்தங்களை அவர் ஏற்றுக்கொண்டதும், 'இவரிடமே வேலை கேட்டால் என்ன?' என்று தோன்றுவது இயல்புதான்.

கேட்கும் முன், அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று பாருங்கள். 'கர்ல்' மென்பொருளை உருவாக்கிய ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க், பல ஆண்டுகள் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் அதைக் கவனித்தார். 2019-ல்தான் 'வுல்ஃப்எஸ்எஸ்எல்' நிறுவனத்தில் சேர்ந்து அதை முழுநேர வேலையாக்கினார். ஓய்வு நேரத்தில் உழைப்பவரிடம் கொடுக்க வேலை இருக்காது. 'இஆர்பிநெக்ஸ்ட்' அப்படியல்ல. அதன் பின்னால் மும்பையின் 'ஃபிராப்பே' நிறுவனம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் கேட்பதற்கு அர்த்தம் உண்டு.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. கிட்ஹப் தளத்தில் மெயின்டெய்னரின் பக்கத்தில் அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயர் பெரும்பாலும் இருக்கும். திட்டத்தை நடத்துவது நிறுவனம் என்றால், அதன் இணையதளத்தில் வேலைவாய்ப்புப் பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, உங்கள் கணக்கைச் சரிபாருங்கள். கிட்ஹப் தேடலில் இப்படித் தட்டினால் ஏற்கப்பட்ட திருத்தங்கள் மட்டும் வரும்:

```
is:pr is:merged author:உங்கள்-பயனர்பெயர்
```

எழுத்துப்பிழை திருத்தியதும் இதில் வரும். எனவே எண்ணிக்கையைச் சொல்லாமல், கனமான இரண்டைத் தேர்ந்தெடுங்கள். ஓர் உதாரணம்: ரசீதில் வரி தப்பாகக் கணக்கானதை ஒருவர் சரிசெய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய செய்தி இந்த அளவு போதும்:

"வணக்கம். ரசீதில் தள்ளுபடிக்குப் பிறகு வரி தப்பாக வந்த பிழையைச் சரிசெய்தது நான்தான். இணைப்பு கீழே. உங்கள் நிறுவனத்தில் பேக்கெண்ட் வேலைக்கு ஆள் எடுக்கிறீர்களா? எடுத்தால் யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்?"

கடைசிக் கேள்விதான் முக்கியம். ஆளெடுக்கும் முடிவு பெரும்பாலும் அவர் கையில் மட்டும் இருக்காது. ஆனால் சரியான ஆளைக் காட்டவோ பரிந்துரைக்கவோ அவரால் முடியும். பிழைகளைப் பேசும் பொதுப் பக்கத்தில் இதைக் கேட்காதீர்கள். அங்கே வேலை பேச்சு எல்லோருக்கும் இடைஞ்சல். அவர் வெளியிட்டிருக்கும் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த வழியில் உள்ளே போனவர்கள் உண்டு. சோஃபி ஆல்பர்ட், கான் அகாடமியில் வேலை பார்த்தபடியே ஃபேஸ்புக்கின் 'ரியாக்ட்' திட்டத்துக்கு நிறையத் திருத்தங்கள் அனுப்பினார். பிறகு ஃபேஸ்புக்கில் சேர்ந்து அதே ரியாக்ட் குழுவை வழிநடத்தினார். அவர் எப்படி வேலை செய்வார் என்பது அந்தக் குழுவுக்கு முன்பே தெரிந்திருந்தது.