அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டு வாரம்

கேக் நன்றாகச் செய்கிற பெண் வீட்டில் இருந்தால், வருகிறவர்கள் எல்லோரும் தவறாமல் சொல்வார்கள்: "நீ பேசாம ஒரு கடை போட்டுடும்மா." அக்கறையில் சொல்வதுதான். ஆனால் பிறந்தநாளுக்கு ஒரு கேக் செய்து கொடுப்பது ஒரு வேலை, கேக் கடை நடத்துவது வேறு வேலை. கடை என்று வந்துவிட்டால் ஆர்டர் எடுப்பது, முட்டை விலை பார்ப்பது, பாத்திரம் கழுவுவது, டெலிவரிக்கு ஆள் பிடிப்பது, பாக்கி வைத்தவருக்குப் போன் போடுவது எல்லாம் சேர்ந்துகொள்ளும். இவற்றில் எது தனக்கு ஒத்துவரும், எது தன்னைச் சோர வைக்கும் என்று உட்கார்ந்து யோசித்தால் பிடிபடாது. இரண்டு வாரம் எழுதிப் பார்த்தால் பிடிபடும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய பில் பர்னெட்டும் டேவ் எவன்ஸும் 2016-ல் 'டிசைனிங் யுவர் லைஃப்' என்ற நூலை எழுதினார்கள். அதில் இதற்கென்றே ஒரு நாட்குறிப்பு முறை வருகிறது. செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு அளவுகளைக் குறிக்க வேண்டும். அந்த வேலையில் மனம் எவ்வளவு ஒன்றியது என்பது முதல் அளவு. முடித்து எழுந்தபோது உடம்பிலும் மனதிலும் தெம்பு கூடியதா, குறைந்ததா என்பது இரண்டாவது. ஆர்வத்துக்கு 0 முதல் 10 வரை போடலாம். தெம்புக்குக் கூட்டல் 5 முதல் கழித்தல் 5 வரை வேண்டும், ஏனென்றால் அது பூஜ்யத்துக்குக் கீழேயும் இறங்கும். இரண்டையும் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாகப் போட்டுவிட்டால் இந்த நாட்குறிப்பால் பயனே இல்லை. மிகவும் பிடித்த வேலையே ஒருவரை அடித்துப் போட்டதுபோல் ஆக்கிவிடக்கூடும்.

ஞாபகத்தை வைத்தே இதைச் சொல்லிவிடலாமே என்று தோன்றலாம். மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1970-களில் ஆட்களிடம் பேஜர் கொடுத்து, அது அடிக்கும்போதெல்லாம் அந்த நிமிடம் என்ன செய்கிறார்கள், எப்படி உணர்கிறார்கள் என்று எழுதச் சொல்லும் முறையை உருவாக்கினார்கள். அந்த முறையில் நடந்து 1989-ல் வெளியான ஓர் ஆய்வில் வியப்பான ஒன்று தெரியவந்தது. முழுமையாக ஒன்றிப்போகும் நிலை ஓய்வு நேரத்தைவிட வேலை நேரத்தில்தான் அதிகம் வந்திருந்தது. அதே ஆட்கள், வேலையில் இருந்தபோது வேறு எதையாவது செய்துகொண்டிருந்தால் தேவலை என்றுதான் எழுதியிருந்தார்கள். எது நமக்குப் பிடிக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதும், அந்த நேரத்தில் நமக்குள் நடப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதனால்தான் வேலை முடிந்த கையோடு எழுத வேண்டும் என்கிறேன். இரவு படுக்கப் போகும்முன் எழுதினால் அந்த நாளின் கடைசி எரிச்சல் காலை வேலையின் மீதும் படிந்துவிடும்.

உதாரணத்துக்கு, திருச்சியில் ஓர் அலுவலகத்தில் பில் போடும் வேலை பார்த்துக்கொண்டே, சனி ஞாயிறுகளில் தெரிந்தவர்களுக்குக் கேக் செய்து தருகிற ஒருவரை வைத்துக்கொள்வோம். அவர் நோட்டில் 'கேக் வேலை, நன்றாக இருந்தது' என்று எழுதினால் அதிலிருந்து எதுவும் தெரியாது. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுத வேண்டும். ஒரு சனிக்கிழமைப் பக்கம் இப்படி இருக்கலாம்:

காலை 7 மணி, மாவு சலித்து அளந்து கலந்தது: ஆர்வம் 6, தெம்பு 0.
9 மணி, இரண்டு மணி நேரம் ஐசிங்: ஆர்வம் 9, தெம்பு கழித்தல் 3. தோள் வலி, கரன்ட் போய் கிரீம் இளகிவிட்டது.
12 மணி, போனில் விலை பேரம்: ஆர்வம் 2, தெம்பு கழித்தல் 4.
4 மணி, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ரோஜாப்பூ ஐசிங் சொல்லிக்கொடுத்தது: ஆர்வம் 9, தெம்பு கூட்டல் 4. மணி போனதே தெரியவில்லை.

இந்தப் பக்கத்தில் எண்களைவிட ஓரத்தில் எழுதிய குறிப்புகள்தான் முக்கியம். ஐசிங்கில் ஆள் சோர்ந்துபோனது ஐசிங்கினாலா, வெக்கையாலா, மேடையின் உயரத்தாலா? பர்னெட்டும் எவன்ஸும் இதற்காகச் சில கேள்விகளைக் கேட்கச் சொல்கிறார்கள்: சரியாக என்ன செய்தேன், எந்த இடத்தில், என்ன பொருளை வைத்து, யாரோடு எப்படிப் பழகினேன். மேடையை உயர்த்தி, வெயில் ஏறும் முன் செய்து பார்த்தும் தெம்பு அதே அளவுக்கு இறங்கினால் வேலைதான் காரணம். ஏறினால் இடம்தான் காரணம், அதைச் சரிசெய்துவிடலாம்.

இரண்டு வாரம் என்று வைப்பதற்குக் காரணம், வாரத்தின் ஒவ்வொரு கிழமையும் இரண்டு முறை வந்துவிடும் என்பதுதான். ஒரு திங்கட்கிழமை சரியில்லை என்றால் அது தற்செயல். இரண்டும் அப்படியே என்றால் கவனிக்கலாம். முதல் வாரம் இயல்பாகச் செய்வதை மட்டும் எழுதுங்கள். இரண்டாவது வாரத்தில், தொடங்க நினைக்கும் தொழிலில் இதுவரை கை வைக்காத வேலைகளை வேண்டுமென்றே உள்ளே கொண்டுவர வேண்டும். நம் திருச்சிப் பெண் ஒரு நாள் மொத்தக் கடையில் சரக்கு விலை விசாரிக்கலாம், இன்னொரு நாள் முன்பின் தெரியாதவரிடம் ஆர்டர் கேட்டுப் பார்க்கலாம், மூன்று பேரைச் சேர்த்து ஒரு மணி நேர வகுப்பு எடுக்கலாம். செய்யாத வேலை நோட்டில் வராது. அதைச் செய்யும்போது எப்படி இருக்கும் என்பதும் தெரியாது. பலர் இந்த இரண்டாவது பாதியைச் செய்வதே இல்லை.

நாட்குறிப்பு சரியாக வரவில்லை என்பதைப் பக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். எல்லா வேலைக்கும் 6, 7 என்றே இருந்தால் ஒப்புக்குப் போட்டிருக்கிறார் என்று பொருள். கேக்குக்கு எப்போதும் 9 என்றிருந்தால், ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு ஆதாரம் சேர்க்கிறார். காய்ச்சல், கல்யாண வீட்டு அலைச்சல், தூக்கம் கெட்ட இரவு இவையெல்லாம் தெம்பை இறக்கும். அந்த நாட்களின் மேல் ஒரு குறி போட்டு வைத்தால் பிறகு குழப்பம் வராது.

பதினான்காம் நாள் மூன்று வண்ணப் பேனாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்வமும் தெம்பும் சேர்ந்து ஏறியவற்றை ஒரு நிறத்திலும், ஆர்வம் ஏறித் தெம்பு இறங்கியவற்றை இன்னொரு நிறத்திலும், இரண்டும் இறங்கியவற்றை மூன்றாவது நிறத்திலும் கோடிடுங்கள். திருச்சிப் பெண்ணின் நோட்டில் முதல் நிறம் சொல்லிக்கொடுக்கும் இடங்களிலேயே திரும்பத் திரும்ப விழுந்தால், கேக் கடையைவிடக் கேக் வகுப்பு அவருக்குப் பொருந்தக்கூடும். ஐசிங்கில் இரண்டாவது நிறம் விழுந்தால், தினமும் எத்தனை கேக் ஏற்பது என்பதற்கு ஒரு வரம்பு வேண்டும். பேரம் பேசும் வேலையில் மூன்றாவது நிறமே நின்றால், கணவரோ தங்கையோ அந்தப் போனை எடுக்க வேண்டும், அல்லது விலைப்பட்டியலை எழுதித் தொங்கவிட்டுப் பேரத்துக்கே இடமில்லாமல் செய்ய வேண்டும். பிடிக்காத வேலை இருக்கிறது என்பதற்காகத் தொழிலையே கைவிட வேண்டியதில்லை. அந்த வேலையை யார் தலையில் வைப்பது, அதற்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று தொடங்கும் முன்பே கணக்குப் போட்டுக்கொண்டால் போதும்.

அந்த ஊரில் வகுப்புக்குப் பணம் கட்டி எத்தனை பேர் வருவார்கள் என்பதை இந்த நோட்டு சொல்லாது. அதைத் தனியாக விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடைக்கு இடம் பார்த்து, அட்வான்ஸ் தர நாள் குறித்திருக்கிறீர்கள் என்றால், உரிமையாளரிடம் இரண்டு வாரம் தவணை கேளுங்கள். ஒரு ரூல் போட்ட நோட்டு வாங்கி, வரும் திங்கட்கிழமை காலையில் செய்யும் முதல் வேலையிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.