மார்ச் 31 என்பது தவறான விடை

கோவையில் ஒரு நடுத்தர நூற்பாலை என்று வைத்துக்கொள்வோம். அதன் கணினிகளையும் சர்வர்களையும் வெளி நிறுவனம் ஒன்று பராமரிக்கிறது. மாதக் கட்டணம் 4 லட்சம் ரூபாய். சேவை திருப்தியாக இல்லை, ஆளை மாற்றலாம் என்று முதலாளி நினைக்கிறார். "ஒப்பந்தம் எப்ப முடியுது?" என்று கேட்கிறார். கணக்குப் பிரிவில் இருப்பவர் கோப்பைப் புரட்டி, "2026 மார்ச் 31 சார்" என்கிறார். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே என்று முதலாளி நிம்மதியாகிறார். உண்மையில் அந்த ஒப்பந்தம் ஒரு மாதத்துக்கு முன்பே இன்னோர் ஆண்டுக்குத் தானாக நீண்டுவிட்டது.

இப்படிப்பட்ட ஏற்பாடுகளுக்கு அடிப்படையாக இருப்பது 'மாஸ்டர் சர்வீசஸ் அக்ரிமென்ட்', சுருக்கமாக எம்.எஸ்.ஏ. இரு தரப்புக்கும் இடையிலான பொது விதிகளை ஒரே முறை எழுதிக் கையெழுத்திட்டுவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு வேலைக்கும் தனியாக ஒர்க் ஆர்டர் போட்டுக்கொள்வார்கள். ஆண்டுகள் போகப்போக இணைப்புகளும் திருத்தங்களும் சேரும். ஐம்பது அறுபது பக்கத்தில் சிதறிக் கிடக்கும் தேதிகளையும் தண்டத் தொகைகளையும் பண நிபந்தனைகளையும் ஒரே அட்டவணைக்குக் கொண்டுவருவதுதான் ஷரத்துப் பதிவேடு. ஓர் எக்செல் தாளே இதற்குப் போதும்.

ஷரத்துக்கு ஒரு வரி என்று வரிசையாக நகலெடுத்துக்கொண்டே போவதுதான் இந்த வேலையில் பலர் செய்யும் முதல் பிழை. அப்படிச் செய்தால் கிடைப்பது ஒப்பந்தத்தின் சுருக்கம். அது பதிவேடு ஆகாது. பதிவேட்டின் ஒரு வரி என்பது ஒரு கடமை: யார், எதை, எந்த நாளுக்குள் செய்ய வேண்டும் என்பது. அந்த ஒரு வரிக்கு வேண்டிய விவரம் மூன்று நான்கு ஷரத்துகளில் ஒளிந்திருக்கும்.

நூற்பாலையின் புதுப்பிப்புத் தேதியையே பார்க்கலாம். மூன்றாம் ஷரத்து, ஒப்பந்தம் 2023 ஏப்ரல் 1 முதல் மூன்று ஆண்டுகள் என்கிறது. கையெழுத்தானதோ ஏப்ரல் 17. கணக்கு தொடங்குவது நடைமுறைத் தேதியிலிருந்து என்று எழுதியிருப்பதால், முடிவு 2026 மார்ச் 31. அதற்குக் குறைந்தது 60 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்காவிட்டால் ஓராண்டு தானாக நீளும் என்பது அதே ஷரத்தின் அடுத்த பத்தி. ஆனால் 2024இல் போட்ட திருத்தம் ஒன்று 60ஐ 90 ஆக்கிவிட்டது. திருத்தத்தைப் படிக்காமல் பதிவேடு போட்டவர் ஒரு மாதத்தை இங்கேயே இழக்கிறார்.

90 நாளைப் பின்னோக்கி எண்ணினால் 2025 டிசம்பர் 31 வருகிறது. 'குறைந்தது 90 நாள்' என்பதை முழுதாக 90 நாள் இடைவெளி என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். எனவே பாதுகாப்பான நாள் டிசம்பர் 30. அதோடும் முடியவில்லை. அறிவிப்பை எப்படி அனுப்ப வேண்டும் என்று சொல்லும் பத்தொன்பதாம் ஷரத்து, மின்னஞ்சல் செல்லாது, கூரியர் மட்டுமே என்கிறது. அனுப்பியதிலிருந்து ஐந்தாவது வேலைநாளில்தான் அது கிடைத்ததாகக் கொள்ளப்படும். வேலைநாள் என்றால் என்ன? முதல் ஷரத்தில் விடை இருக்கிறது: சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நீங்கலாக. இடையில் கிறிஸ்துமஸ் வருகிறது. எக்செல்லில் விடுமுறைப் பட்டியலை `H2:H20` கட்டங்களில் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்கலாம்:

```
=WORKDAY(DATE(2025,12,30),-5,H2:H20)
```

விடை டிசம்பர் 22. ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்திலும் இந்தத் தேதி இல்லை. ஆனால் பதிவேட்டில் இருக்க வேண்டியது இதுதான். புது நிறுவனங்களிடம் விலை கேட்டு ஒப்பிட அவகாசம் வேண்டுமென்றால், நினைவூட்டலை அக்டோபரிலேயே வைக்க வேண்டும். முடிவுத் தேதி, கடைசி நாள், செயல்பட வேண்டிய நாள் என மூன்று தனிப் பத்திகள் போடுவது இதனால்தான்.

தண்டத் தொகைக்கு வேறு விதமான கவனம் தேவை. சர்வர்கள் மாதத்தில் 99.5 சதவீத நேரம் இயங்க வேண்டும், குறைந்தால் கட்டணத்தில் 5 சதவீதம் கழிவு என்று சேவைத்தர இணைப்பில் இருக்கிறது. 30 நாள் மாதத்தில் 720 மணி நேரம். அதில் அரை சதவீதம் 3.6 மணி. ஒரு மாதம் சர்வர் 6 மணி நேரம் முடங்கியது என்றால் 20,000 ரூபாய் கழிவு கிடைக்கும் என்று தோன்றும். முன்கூட்டியே அறிவித்த பராமரிப்பு நேரம் கணக்கில் சேராது என்பது அதே இணைப்பின் அடிக்குறிப்பு. ஆறில் மூன்று மணி அப்படிப்பட்டது என்றால் மீதி 3 மணி. எல்லைக்குள் வந்துவிடுகிறது, ஒரு ரூபாயும் கிடைக்காது. கழிவு உண்டு என்றே ஆனாலும் மாதம் முடிந்த 15 நாளுக்குள் எழுத்தில் கேட்காவிட்டால் உரிமை போய்விடும். ஆக, தண்டத்துக்கான வரியில் தொகை மட்டும் இருந்தால் போதாது. எதை வைத்து அளப்பது, எது விலக்கு, எப்போது கேட்பது, ஆதாரம் யாரிடம் இருக்கிறது என்ற நான்கும் வேண்டும்.

இதில் சட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தண்டத் தொகை ஓர் உச்சவரம்பு மட்டுமே. நீதிமன்றம் அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் தரும். 1963இல் ஃபதே சந்த் வழக்கிலும் 2015இல் கைலாஷ் நாத் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. பெரிய தொகை எழுதியிருக்கிறது என்பதற்காக அதை வரவில் சேர்த்துவிட முடியாது.

பண நிபந்தனையில் ஒப்பந்தத்துக்கு வெளியேயும் பார்க்க வேண்டியிருக்கிறது. இன்வாய்ஸ் கிடைத்து 60 நாளில் பணம் என்று நூற்பாலையின் ஒப்பந்தம் சொல்கிறது. பராமரிப்பு நிறுவனமோ உத்யம் பதிவு பெற்ற சிறுநிறுவனம். 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்தில் எவ்வளவு அவகாசம் ஒப்புக்கொண்டிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. அந்த 45 நாள் எண்ணப்படுவது வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. இன்வாய்ஸ் தேதி அதற்குப் பொருட்டல்ல.

ஜனவரி 5இல் வேலை ஏற்கப்பட்டு, 10ஆம் தேதி இன்வாய்ஸ் வந்தது என்று கொண்டால், ஒப்பந்தக் கணக்கில் கெடு மார்ச் 11. சட்டக் கணக்கில் பிப்ரவரி 19. தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 43பி(எச்) என்ற உட்பிரிவு 2024–25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இன்னொரு முடிச்சையும் போட்டது. கெடு தாண்டிய தொகையை, பணத்தை உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். அதனால் பதிவேட்டில் 'ஒப்பந்தக் கெடு', 'சட்டக் கெடு' என்று இரண்டு கட்டங்கள். பணம் அனுப்புபவர் பார்க்க வேண்டியது இரண்டில் முந்தியதை.

எழுதி முடித்ததும் சோதிப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பதிவேட்டைத் தயாரிக்காத இன்னொருவரிடம் ஐந்து வரிகளைக் கொடுத்து, ஒவ்வொரு தேதியும் எந்த ஆவணத்தின் எந்த ஷரத்திலிருந்து வந்தது என்று தேடச் சொல்வது. ஷரத்து எண்ணும் மூல வாசகமும் வரியிலேயே இருந்தால் சில நிமிடங்களில் முடியும். நூற்பாலையில் இதைச் செய்திருந்தால், புதுப்பிப்பு வரியைத் தேடிப் போனவர் 60 நாளுக்கும் 90 நாளுக்கும் இடையில் கட்டாயம் நின்றிருப்பார்.