தூக்கம் வராதவர்கள் ஏன் தாமதமாகப் படுக்க வேண்டும்?

சரியாகத் தூங்காதவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். நேற்று விட்டதை இன்று பிடித்துவிடலாம் என்று ஒன்பது மணிக்கே படுக்கிறார்கள். காலையில் விழிப்பு வந்த பிறகும், இன்னும் கொஞ்சம் கண்ணயர்ந்தால் நல்லதென்று எழுந்திருக்காமல் கிடக்கிறார்கள். மதியம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் சாய்கிறார்கள். தானாகச் சரியாகியிருக்கக்கூடிய தூக்கக் குறைவை வருடக்கணக்கில் நீடிக்க வைப்பவை இந்தப் பழக்கங்களே.

படுக்க நேரமும் வசதியும் இருந்தும், வாரத்தில் குறைந்தது மூன்று இரவுகள், மூன்று மாதங்களாகத் தூக்கம் வராமலோ நடுவில் கலைந்தோ போய், அதனால் பகல் பொழுதும் கெட்டால் அதை மருத்துவர்கள் நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மேன் இதை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்: ஒருவருக்கு இயல்பிலேயே இருக்கும் நாட்டம், தூக்கத்தை முதலில் கெடுத்த சம்பவம், பிறகு அதை நீடிக்க வைக்கும் பழக்கங்கள். துக்கமோ கடனோ பரீட்சையோ தொடங்கி வைத்திருக்கும். அது முடிந்துபோன பிறகும் தூக்கம் திரும்பவில்லையென்றால் மூன்றாவதைத்தான் கவனிக்க வேண்டும்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது சேரச் சேரத் தூக்கத்தின் தேவை ஏறுகிறது. பசியைப் போலத்தான் இதுவும்: சாயங்காலம் பலகாரம் தின்றவருக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்காது. மதியம் தூங்கிவிட்டு, இரவு ஒன்பதுக்கே படுக்கிறவருக்கு அந்தத் தேவை போதிய அளவு ஏறியிருக்காது. அவர் கண்ணை மூடிக்கொண்டு புரள்கிறார். மாதக்கணக்கில் புரண்டு புரண்டு, கட்டில் என்றாலே கவலைப்படும் இடம் என்று உடம்பு பழகிவிடுகிறது. டிவி முன்னால் தலை சாய்ந்துபோகிறவர், அறைக்குப் போய்ப் படுத்ததும் முழு விழிப்பாகிவிடுவது இதனால்தான்.

இந்த இரண்டில் எதையும் மாத்திரை சரிசெய்வதில்லை. அல்பிரசோலம், குளோனசெபாம், சோல்பிடெம் போன்றவை மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டுகின்றன. முதல் வாரங்களில் நன்றாகவே பலிக்கும். ஆனால் நாள்தோறும் எடுத்தால், மூளை அந்தக் கூடுதல் அமைதிக்குத் தன்னைச் சரிக்கட்டிக்கொண்டு, காபாவுக்கு முன்போல் இணங்காமல் போகிறது. அதே அளவு மாத்திரைக்கு முன்பிருந்த பலன் இருப்பதில்லை.

மாத்திரையை ஓர் இரவு விட்டுப் பார்க்கிறவருக்கு, நோய் தொடங்கிய காலத்தைவிட மோசமான இரவு வாய்க்கலாம். மாத்திரை இல்லாவிட்டால் தூங்கவே முடியாது என்று அவர் முடிவுகட்டிவிடுகிறார். உண்மையில் அந்த இரவு, திடீரென்று நிறுத்தியதன் எதிர்வினை. அதைப் பழைய நோயின் பலம் என்று எடுத்துக்கொண்டதால் மாத்திரையை விடமுடியாமல் போனவர்கள் ஏராளம். வயதானவர்களுக்கு இதோடு தடுமாறி விழும் அபாயமும், மறதியும் சேர்ந்துகொள்கின்றன.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தரவேண்டியது மாத்திரை அல்ல, அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. பெயரைக் கேட்டால் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவது என்று தோன்றும். பேச்சும் உண்டு. எட்டு மணி நேரம் தூங்காவிட்டால் நாளைய வேலை பாழ், உடம்பு பாழ் என்ற பயத்தை, அவருடைய சொந்த அனுபவத்தையே வைத்துச் சோதித்துப் பார்க்கச் செய்வார்கள். ஆனால் சிகிச்சையின் பலம் பெரிதும் படுக்கை நேரத்தைக் குறைப்பதில் இருக்கிறது. ஸ்பீல்மேன் 1987இல் வெளியிட்ட முறை அது.

உதாரணத்துக்கு, 52 வயது ஆசிரியை ஒருவரை எடுத்துக்கொள்வோம். அம்மா இறந்த சமயத்தில் தூக்கம் கெட்டது. அல்பிரசோலம் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, இப்போது 0.5 மில்லிகிராம். இரவு 9 மணிக்குப் படுத்து, காலை 6 மணிக்கு எழுகிறார். முதல் வேலை, தினமும் காலையில் ஒரு தாளில் எழுதுவது: எப்போது படுத்தேன், தூக்கம் வர ஏறத்தாழ எவ்வளவு நேரமானது, நடுவில் எவ்வளவு நேரம் விழித்திருந்தேன், எப்போது எழுந்தேன். ராத்திரியில் கடிகாரம் பார்க்கக் கூடாது. உத்தேசமாக எழுதினால் போதும். இரண்டு வாரக் கணக்கில், படுக்கையில் இருப்பது 9 மணி நேரம், தூங்குவது சராசரி ஐந்தரை மணி நேரம் என்று தெரிகிறது. படுக்கையில் கழித்த நேரத்தில் 61 சதவீதம்தான் தூக்கம்.

இனி அவருக்குப் படுக்கையில் அனுமதி அந்த ஐந்தரை மணி நேரத்துக்கு மட்டும். வேலைக்குத் தோதாக எழும் நேரம் காலை 5.30 என்று முடிவாகிறது, ஞாயிற்றுக்கிழமையும் அதேதான். பின்னோக்கிக் கணக்கிட்டால் படுக்கும் நேரம் நள்ளிரவு 12. மதியத் தூக்கம் கிடையாது. எவ்வளவு குறைவாகத் தூங்கினாலும் இந்த அனுமதியைப் பொதுவாக 5 மணி நேரத்துக்குக் கீழே இறக்குவதில்லை.

முதல் வாரம் கொடுமையாகத்தான் இருக்கும். பத்து மணிக்கே கண் சொக்கும், பன்னிரண்டு வரை விழித்திருப்பது பெரும்பாடு. அவர் நாலரை மணி நேரம்தான் தூங்குகிறார். ஆனாலும் அது 82 சதவீதம். பலர் சிகிச்சை கெடுதல் செய்கிறது என்று விட்டுவிடும் இடம் இதுதான், இது நடக்குமென்று முன்பே சொல்லாத மருத்துவர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார். 80க்கும் 85க்கும் இடையில் இருந்தால் நேரத்தை மாற்றுவதில்லை. இரண்டாம் வாரம் தூக்கம் 5 மணி நேரமாகிறது. 91 சதவீதம். 85ஐத் தாண்டியதால் படுக்கும் நேரம் கால் மணி முன்னால் வருகிறது: 11.45. இப்படியே வாரம்தோறும் கணக்குப் பார்த்து, 11 மணிக்குப் படுத்து ஆறு மணி நேரம் ஒரே சீராகத் தூங்கும் நிலைக்கு அவர் வந்துவிட்டால், பகலில் தெம்பாக இருக்கிறாரா என்று பார்த்து அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இதோடு ரிச்சர்ட் பூட்சின் 1972இல் முன்வைத்த விதியும் சேரும். படுத்துக் கால் மணி நேரம் போலத் தோன்றியும் தூக்கம் வராவிட்டால், எழுந்து வேறிடம் போய்விட வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் எதையாவது படிக்கலாம், துணி மடிக்கலாம், செல்போன் வேண்டாம். இமை தானாக இறங்கும்போதுதான் திரும்பிப் படுக்க வேண்டும். அசதி வேறு, தூக்கக் கலக்கம் வேறு. உடம்பு வலித்தாலும் கண் இறங்காவிட்டால் இன்னும் நேரமாகவில்லை. எல்லாரும் ஒரே அறையில் படுக்கும் வீடுகளில் கூடத்தின் மூலையில் ஒரு நாற்காலி போதும், ஆனால் வீட்டாரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுவது அவசியம். சாயங்காலம் காபியைத் தவிர்ப்பது போன்ற யோசனைகள் நல்லவையே, அவை மட்டும் நாள்பட்ட தூக்கமின்மையைத் தீர்ப்பதில்லை.

மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது. நீண்டகாலம் எடுத்தவர் சட்டென்று விட்டால் வலிப்புகூட வரலாம். தூக்கம் சீரானதும், மருத்துவரின் மேற்பார்வையில், சில வாரங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் குறைப்பார்கள். இருதுருவ மனநோயும் வலிப்பு நோயும் உள்ளவர்களுக்குத் தூக்கத்தைக் குறைப்பதே நோயைக் கிளப்பிவிடலாம். பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு முதலில் அதைக் கவனிக்க வேண்டும். லாரி, பஸ் ஓட்டுகிறவர்கள் அந்த முதல் வாரங்களில் வண்டியைத் தொடுவது ஆபத்து.

நன்றான பிறகும் பேரன் காய்ச்சல், ஊர்ப் பயணம் என்று தூக்கம் கெடும் இரவுகள் வரும். மறுநாளும் 5.30க்கே எழ வேண்டும், மதியம் படுக்கக் கூடாது. இரண்டு மூன்று வாரமாகியும் சரியாகவில்லையென்றால் பழைய தாளை எடுத்து மறுபடி எழுதத் தொடங்கி, படுக்கும் நேரத்தை அந்தக் கணக்குப்படி தள்ளிப் போட வேண்டும்.