பாலிசி இரண்டு, இழப்பு ஒன்று

தீ, வெள்ளம், திருட்டு ஆகியவற்றுக்காக எடுக்கும் பாலிசி, இழந்ததை ஈடுகட்டும் ஒப்பந்தம். இழப்புக்கு முன் பாலிசிதாரர் எந்த நிலையில் இருந்தாரோ, அந்த நிலைக்கு அவரைக் கொண்டுவந்து விடுவதோடு அதன் வேலை முடிகிறது. பத்து லட்ச ரூபாய் சரக்கு எரிந்து, இரண்டு நிறுவனங்களும் ஆளுக்குப் பத்து லட்சம் கொடுத்தால் தீ விபத்தே லாபமாகிவிடும். இதைத் தடுப்பதற்காகவே, ஒரே இழப்பை இரு நிறுவனங்களும் பகிர்ந்துகொள்ளும் ‘பங்களிப்பு’ விதி இருக்கிறது.

ஈரோட்டில் ஒரு ஜவுளி வியாபாரி கிடங்கு வைத்திருப்பதாகக் கொள்வோம். கடன் கொடுத்த வங்கி, அவர் பெயரிலேயே 20 லட்ச ரூபாய்க்குத் தீ பாலிசி எடுத்து வைத்திருக்கிறது. அது தெரியாமல், தீபாவளி சமயத்தில் சரக்கு கூடும் என்று அவர் இன்னொரு நிறுவனத்தில் 30 லட்சத்துக்குப் பாலிசி எடுக்கிறார். தீப்பிடித்த அன்று கிடங்கில் இருந்த சரக்கு 20 லட்சம். அதில் 10 லட்ச ரூபாய்ச் சரக்கு அழிந்துவிட்டது.

இரண்டு பாலிசிகளின் மொத்தத் தொகை 50 லட்சம். முதல் நிறுவனத்தின் பங்கு ஐம்பதில் இருபது, இரண்டாவதின் பங்கு ஐம்பதில் முப்பது. ஆகவே முதல் நிறுவனம் 4 லட்சமும் இரண்டாவது நிறுவனம் 6 லட்சமும் கொடுக்கும். வியாபாரிக்கு முழு 10 லட்சமும் கிடைக்கிறது, அதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை. பாலிசிகளின் நிபந்தனைகள் வேறுபட்டால், ஒவ்வொரு நிறுவனமும் தான் மட்டும் இருந்திருந்தால் எவ்வளவு கொடுத்திருக்கும் என்று கணக்கிட்டு, அந்த விகிதத்தில் பிரிப்பதும் உண்டு.

“இரண்டு இடத்திலும் பிரீமியம் கட்டினேனே?” என்று வாடிக்கையாளர் கேட்பது இயல்பு. பிரீமியம் என்பது இழப்பு நேர்ந்தால் பொறுப்பேற்பதற்கான விலை. இரு நிறுவனங்களும் அந்தப் பொறுப்பைச் சுமந்தன. கிடங்கில் 45 லட்ச ரூபாய்ச் சரக்கு இருந்து முழுவதும் எரிந்திருந்தால், எந்த ஒரு பாலிசியும் தனியாகப் போதாது. இரண்டும் சேர்ந்துதான் அந்த இழப்பை ஈடுகட்டியிருக்கும்.

பங்களிப்பு விதி எல்லா இரட்டைப் பாலிசிகளுக்கும் பொருந்தாது. இரண்டும் இழப்பு நேர்ந்த நாளில் நடப்பில் இருக்க வேண்டும். ஒரே பொருளையும் ஒரே ஆபத்தையும் காக்க வேண்டும். அந்தப் பொருளில் ஒரே உரிமையையும் காக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை 1877-ல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒரு தானியக் கிடங்கு வழக்கில் தெளிவாக்கியது. எரிந்த தானியத்துக்குக் கிடங்குக்காரரும் பாலிசி எடுத்திருந்தார், தானியத்தின் சொந்தக்காரரான வணிகரும் எடுத்திருந்தார். பொருள் ஒன்றானாலும் இருவரின் உரிமையும் வேறு என்பதால் பங்களிப்பு இல்லை என்றும், தானியத்துக்குப் பொறுப்பேற்றிருந்த கிடங்குக்காரரின் காப்பீட்டு நிறுவனமே முழு இழப்பையும் ஏற்க வேண்டும் என்றும் தீர்ப்பானது.

இந்தியாவில் சில தீ பாலிசிகளின் பொது நிபந்தனைகளில் உள்ள ஒரு வரி பலர் கண்ணில் படுவதில்லை. அதே சொத்துக்கு வேறு பாலிசி நடப்பில் இருந்தால், அதை எடுத்தவர் யாராக இருந்தாலும், நிறுவனம் தன் விகிதப் பங்குக்கு மேல் கொடுக்காது என்று அது சொல்கிறது. அந்த வரி இல்லாவிட்டால் ஒரு நிறுவனத்திடமே முழுத் தொகையையும் வாங்கிக்கொள்ளலாம். அந்த நிறுவனம் தன் பங்கைக் கழித்து மீதியை மற்றதிடம் கேட்டுப் பெறும். வரி இருக்கும்போது பாலிசிதாரரே இரண்டு இடங்களிலும் கிளைம் போட வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. ஈரோட்டு வியாபாரி முதல் நிறுவனத்துக்கு மட்டும் தகவல் சொன்னால், சர்வேயர் வங்கி ஆவணங்களையும் கணக்குப் புத்தகங்களையும் பார்க்கும்போது இரண்டாவது பாலிசி வெளிவரும். முதல் நிறுவனம் 4 லட்சத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்குள் இரண்டாவது நிறுவனத்துக்குத் தகவல் தர வேண்டிய கெடு கடந்துபோயிருந்தால், 6 லட்சம் தகராறில் மாட்டிக்கொள்ளும். கிளைம் படிவத்தில் வேறு பாலிசி இல்லை என்று தெரிந்தே எழுதியிருந்தால், முழுக் கிளைமும் மறுக்கப்படலாம்.

மருத்துவக் காப்பீட்டில் நடைமுறை வேறு. ஆஸ்பத்திரி பில்லை ஈடுகட்டும் பாலிசிகள் இரண்டு இருந்தால், எதில் கிளைம் செய்வது என்பதைப் பாலிசிதாரரே தேர்ந்தெடுக்கலாம். அதன் தொகை தீர்ந்த பிறகு மீதிக்கு மற்றதை நாடலாம். ஆனாலும் மொத்தம் பில்லைத் தாண்டாது. ஆயுள் காப்பீடும், விபத்து மரணத்துக்கோ தீவிர நோய்க்கோ ஒரு குறிப்பிட்ட தொகை தரும் பாலிசிகளும் இந்த விதிக்கு வெளியே நிற்கின்றன. உயிருக்குச் சந்தை விலை இல்லாததால், எத்தனை பாலிசி இருந்தாலும் ஒவ்வொன்றும் தன் முழுத் தொகையைத் தரும்.

கடன் வாங்கியவர்கள், வங்கி தங்கள் சொத்துக்குப் பாலிசி எடுத்திருக்கிறதா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டு இருந்தால், பாலிசி எடுக்கும்போதும் இழப்பு நேர்ந்த உடனும் இரு நிறுவனங்களுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.