பூஜ்யங்கள் நிறைந்த பதிவேடும் உதிரிப் பாகங்களின் கணிப்பும்

சங்கப் பண்டகசாலைகளின் இருப்புப் பதிவேட்டை நாம் பார்வையிடும்போது இரு வகைப் பக்கங்களைக் காண்கிறோம். நூல், சாயம், உரம் முதலியவற்றின் பக்கங்களில் மாதந்தோறும் வழங்கல் நிகழ்ந்திருக்கும். விசைத்தறியின் பல்சக்கரம், நீரிறைக்கும் பம்பின் தாங்கி போன்ற உதிரிப் பாகங்களின் பக்கங்களிலோ பெரும்பாலான மாதங்களுக்கு நேரே பூஜ்யமே காணப்படும். நான்கைந்து மாதம் எவரும் கேட்கமாட்டார்; பிறகு ஒருநாள் இரண்டோ மூன்றோ ஒருசேரத் தேவைப்படும். அன்று பாகம் இல்லையேல் தறி நிற்கும். நெசவாளியின் கூலியும் நிற்கும். அதற்கு அஞ்சி அளவின்றி வாங்கி வைத்தால், அங்கத்தினர்களின் பங்குத் தொகை இரும்பாக அலமாரியில் முடங்கிக் கிடக்கும்.

இத்தகைய பொருளுக்கு எவ்வளவு இருப்பு வேண்டும் என்று கணிப்பதற்கு ஒரு வழி உண்டு. அதை விளக்க, பேட்டையில் விசைத்தறி அங்கத்தினர்களைக் கொண்ட ஒரு சங்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் பண்டகசாலையில் ஒருவகைப் பல்சக்கரம் சராசரியாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்கப்படுகிறது. கேட்கும்போது சராசரி இரண்டு தேவைப்படுகின்றன. ஆகவே மாதத் தேவை இரண்டை ஆறால் வகுத்த 0.33 ஆகும்.

வழக்கமான நிரவல் முறையில், பழைய கணிப்புக்கும் இம்மாத வழங்கலுக்கும் உள்ள வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கைப் பழைய கணிப்போடு கூட்டுவர். வழங்கல் குறைந்திருந்தால் கழிப்பர். நூலுக்கும் உரத்துக்கும் இம்முறை நன்கு பொருந்தும். பல்சக்கரத்துக்கு என்ன நேருகிறது? 0.33 என்றிருந்த கணிப்பு, இரண்டு சக்கரம் வழங்கிய மாதத்தில் 0.67 ஆக உயர்கிறது. அடுத்துவரும் பூஜ்ய மாதங்களில் 0.53, 0.43, 0.34, 0.27, 0.22 என்று இறங்கிக்கொண்டே போகிறது. பண்டகசாலைப் பொறுப்பாளர் புதிதாக வாங்க எண்ணுவது எப்பொழுது? வழங்கி முடித்து இருப்புக் குறைந்தவுடன் அல்லவா? சரியாக அத்தருணத்தில்தான் கணிப்பு உண்மைத் தேவையைப் போல் இரு மடங்காக நிற்கிறது. ஒவ்வொரு முறையும் இவ்வாறே நிகழ்வதால், அலமாரியில் வேண்டாத இருப்பு சேர்ந்துவிடுகிறது.

இக்குறையை எடுத்துக்காட்டி, மாற்று வழியையும் 1972ஆம் ஆண்டில் வெளியிட்டவர் குரோஸ்டன் என்பவர். அவர் செய்தது எளிய காரியமே. ஒரே கணக்காக இருந்ததை இரண்டாகப் பிரித்தார். கேட்கும்போது எத்தனை கேட்கப்படுகிறது என்பது ஒரு கணக்கு. ஒரு வழங்கலுக்கும் அடுத்த வழங்கலுக்கும் இடையே எத்தனை மாதம் என்பது மற்றொரு கணக்கு. இரண்டையும் தனித்தனியே நிரவி, முன்னதைப் பின்னதால் வகுத்தால் மாதத் தேவை கிடைக்கும். பூஜ்ய மாதங்களில் எந்தக் கணக்கும் மாறுவதில்லை. அம்மாதங்களை எண்ணிக்கொண்டு வந்தால் போதும்.

நமது சக்கரத்துக்கே திரும்புவோம். அளவு 2, இடைவெளி 6 என்ற நிலையில், நான்காம் மாதத்தில் மூன்று சக்கரங்கள் வழங்கப்பட்டன எனக் கொள்வோம். அளவில் வேறுபாடு ஒன்று. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்ட 2.2 ஆகிறது. இடைவெளி ஆறுக்குப் பதில் நான்காயிற்று. வேறுபாடாகிய இரண்டில் ஐந்தில் ஒரு பங்கைக் கழிக்க 5.6 ஆகிறது. 2.2ஐ 5.6ஆல் வகுக்க மாதத் தேவை 0.39. அடுத்த வழங்கல் ஒன்பது மாதம் கழித்து ஒரே சக்கரமாக நிகழ்ந்தால், அளவு 1.96 ஆகவும் இடைவெளி 6.28 ஆகவும் மாறும். மாதத் தேவை 0.31. முன்போல் கணிப்பு ஏறி இறங்கித் தத்தளிக்கவில்லை என்பதை அங்கத்தினர்கள் கவனிக்கலாம்.

எனினும் இதிலும் ஒரு நுட்பமான பிழை இருந்தது. இடைவெளி ஒருமுறை 2, மறுமுறை 10 எனில் சராசரி 6. ஒன்றை ஆறால் வகுக்க 0.17. ஆனால் ஒன்றை இரண்டாலும் பத்தாலும் தனித்தனியே வகுத்துச் சராசரி கண்டால் 0.30 வருகிறது. ஏறி இறங்கும் எண்ணால் வகுத்தால் விடை சற்று மிகையாகவே அமையும் என்பது இதன் கருத்து. இதனைச் சிண்டெட்டோஸ், பாய்லன் என்ற இருவர் 2001ஆம் ஆண்டில் சுட்டிக்காட்டி, 2005ஆம் ஆண்டில் ஒரு திருத்தமும் வெளியிட்டனர். நிரவும் பங்கு ஐந்தில் ஒன்றாயின், அதில் பாதியாகிய பத்தில் ஒரு பங்கை விடையிலிருந்து குறைத்துவிட வேண்டும். அவ்வாறு செய்தால் 0.39 என்பது 0.35 ஆகிறது.

இந்த 0.35 ஐக் கொண்டு எவ்வளவு வாங்குவது? ஆர்டர் அனுப்பிச் சரக்கு வந்து சேர மூன்று மாதம் ஆகுமெனில், தேவை ஒன்றுதான் என்று கணக்கு காட்டும். ஒன்றை மட்டும் வைத்திருந்தால் ஏமாறுவோம். ஏனெனில் மூன்று மாதத்துக்கு ஒன்று என்பது சராசரியேயன்றி, எவரும் கேட்கும் எண் அன்று. இடைவெளி 5.6 மாதமெனில், இத்தகைய நூறு மும்மாதங்களில் ஏறக்குறைய 55இல் எவருமே கேட்கமாட்டார். 36இல் ஒருமுறை கேட்பர். எஞ்சிய ஒன்பதில் இருமுறையோ அதற்கு மேலோ கேட்பர். ஒருமுறைக்கு இரண்டு மூன்று என்று கேட்கப்படுவதால், மூன்று சக்கரம் கையிருப்பில் இருந்தால் பெரும்பாலும் தறி நிற்காது. ஒரு தறி நின்றாலும் பெருநஷ்டம் என்று கருதும் சங்கம் ஐந்து வைக்கலாம். ஆக, மாதக் கணிப்பு ஆண்டு முழுவதற்கும் ஆகும் செலவை மதிப்பிட உதவும். கையிருப்பின் அளவைத் தீர்மானிக்க அளவும் இடைவெளியும் தனித்தனியே தெரிந்திருத்தல் அவசியம்.

இம்முறை தவறிழைக்கும் இடங்களையும் கூறுவது நம் கடமை. முதலாவது, வழக்கொழிந்த பாகம். பழைய தறிகளை அங்கத்தினர்கள் விற்றுவிட்டால் அச்சக்கரத்தை இனி எவரும் கேட்கமாட்டார். பூஜ்ய மாதத்தில் கணக்கு மாறாத காரணத்தால், 0.35 என்ற எண் பல ஆண்டுகள் அப்படியே நிற்கும். இதற்கு 2011ஆம் ஆண்டில் டூன்டர், சிண்டெட்டோஸ், பாபாய் ஆகியோர் ஒரு வழி கூறினர். இடைவெளிக்குப் பதிலாக, ஒரு மாதத்தில் கேட்கப்படும் வாய்ப்பை அவர்கள் மாதந்தோறும் திருத்துகின்றனர். ஆறில் ஒன்றாகிய 0.17 என்ற வாய்ப்பைப் பூஜ்ய மாதம் ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு பங்கு குறைத்து வந்தால், ஓராண்டில் அது 0.05க்கும் கீழே இறங்கிவிடும். பாகம் செத்துவிட்டது என்பதைப் பதிவேடே அறிவிக்கும்.

இரண்டாவது, பருவம். கார், பிசானம் என்ற இரு போகங்களையும் நம்பியுள்ள தாமிரபரணிக் கரை விவசாயிகளுக்குப் பவர் டில்லரின் பட்டை உழவு நாட்களில்தான் அறும். அதன் பூஜ்யங்கள் தற்செயலானவை அல்ல. பஞ்சாங்கம் பார்த்து வருபவை. அத்தகைய பாகத்துக்குச் சென்ற ஆண்டின் அதே போகத்தை நோக்குவதே சரி.

மூன்றாவது, பொய்ப் பூஜ்யம். அங்கத்தினர் கேட்டு வந்து, சரக்கில்லை என்று திரும்பிச் சென்றிருப்பார். பதிவேட்டில் வழங்கல் இன்மையால் பூஜ்யம் எழுதப்பட்டிருக்கும். தேவை இருந்த மாதத்தைத் தேவையற்ற மாதமாகக் காட்டும் இப்பதிவு, இடைவெளியை நீட்டி, இருப்பைக் குறைத்து, மேலும் பலரைத் திருப்பி அனுப்பும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: இருப்புப் பத்தியிலும் வழங்கல் பத்தியிலும் ஒரே மாதத்துக்கு நேரே பூஜ்யம் இருந்தால், அம்மாதத்தை ஐயுற வேண்டும். ஆகையால், வழங்கியது என்ற பத்தியின் பக்கத்தில் கேட்டது என்று மற்றொரு பத்தி கீறி, வெறுங்கையோடு திரும்பியவரின் தேவையையும் தேதியோடு எழுதிவருமாறு காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறோம். மேலே கூறிய கணக்குகள் யாவும் வழங்கல் பத்தியைக் கொண்டல்ல, அந்தப் பத்தியைக் கொண்டே செய்யப்பட வேண்டும்.