கார் எரிந்த பிறகு எழுதும் அறிக்கை

அலுவலக பார்க்கிங்கில் ஒரு காரில் பிடித்த தீ அணைந்ததும், பாதுகாப்புப் பிரிவு ஒரு சம்பவ அறிக்கை எழுதுகிறது. காப்பீட்டு சர்வேயரின் கைக்கும் அது போகும். "மின்கசிவால் தீ" என்று முதல் வரியிலேயே தீர்ப்பு சொல்லிவிடும் அறிக்கைகள் நிறைய. காரணத்தைச் சொல்வது ஆய்வு செய்பவரின் வேலை. பெட்ரோல் கார் ஒன்றை எடுத்துக்கொண்டால், "காலை 9.40-க்கு பானெட்டின் இடப்பக்கம், பேட்டரி இருக்கும் இடத்தருகே புகை வந்ததைக் காவலாளி பார்த்தார்" என்று எழுதினால் போதும். 101 அல்லது 112-ஐ யார், எத்தனை மணிக்கு அழைத்தார் என்பதும் அதையொட்டி வர வேண்டும்.

தீயணைப்பான்களைப் பற்றி எழுதும்போது, "மூன்று பயன்படுத்தப்பட்டன" என்பது எதையும் சொல்லாது. ஒவ்வொன்றின் எண், வகை, எடை, எங்கிருந்து எடுத்தது, அடித்ததும் என்ன ஆனது என்பது வேண்டும். முதலில் 6 கிலோ ஏபிசி பவுடர் சிலிண்டர் ஒன்றை மூடிய பானெட்டின் மேல் அடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பவுடர் தகரத்தின் மேல் படிந்தது, தீ அடியில் எரிந்துகொண்டே இருந்தது, அரை நிமிடத்துக்குள் சிலிண்டர் காலி. இரண்டாவதை பானெட்டின் ஓரத்து இடைவெளி வழியாக உள்ளே அடித்ததும் சுடர் அடங்கியது. பானெட்டை முழுதாகத் திறந்திருந்தால் காற்று புகுந்து தீ மேலே எழும்பியிருக்கும். பவுடர் சுடரை அடக்குமே தவிர வெப்பத்தை இறக்காது. அதனால் 9.52-க்கு மறுபடி புகை வந்ததையும், மூன்றாவது சிலிண்டரைப் பாதி அடித்ததையும் மறைக்காமல் எழுத வேண்டும். அந்தப் பாதி சிலிண்டரைத் திரும்ப மாட்டிவிடுவது வழக்கமான தவறு. வால்வில் பவுடர் துகள் சிக்கி, அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும். மூன்றையும் ரீஃபில்லுக்கு அனுப்பியதாகக் குறிப்பு வேண்டும். எரிந்தது மின்சார வாகனத்தின் பேட்டரியாக இருந்தால் கதையே வேறு: பல மணி நேரம் கழித்தும் அது மீண்டும் பற்றலாம், ஆகவே வண்டியைத் தனியே ஒதுக்கிக் கண்காணித்ததையும் சேர்த்து எழுதுவார்கள்.

பக்கத்து கார்களின் உரிமையாளர்கள் வந்ததும் வண்டியை ஸ்டார்ட் செய்து நகர்த்தத்தான் பார்ப்பார்கள். அதற்கு முன் நம்பர் பிளேட் தெரியும்படி, தீயைப் பார்த்திருந்த பக்கத்தைப் படம் எடுத்துவிடுவது நல்லது. கண்ணாடி மூடி, விளக்கு, பம்பர் இளகியிருக்கிறதா, டயரின் பக்கச் சுவரில் கொப்புளம் உண்டா, அடியில் எண்ணெயோ பெட்ரோலோ சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏர் ஃபில்டருக்குள் பவுடர் போயிருந்தால் சுத்தம் செய்யும்வரை இன்ஜினைத் தொடக்கூடாது. பவுடர் ஈரத்தோடு சேர்ந்தால் உலோகத்தை அரிக்கும். வாக்குவம் போட்டு எடுத்த பிறகுதான் கழுவ வேண்டும்.

சேதமில்லாத கார்களும் அறிக்கையில் இடம்பெற வேண்டும், எரிந்த வண்டியிலிருந்து எத்தனை அடி என்ற அளவோடு. அங்கே "சேதம் இல்லை" என்று எழுதாமல், "கண்ணுக்குத் தெரிந்த சேதம் இல்லை" என்று எழுதி உரிமையாளரிடம் கையெழுத்து வாங்குவதே சரி. வெப்பத்தில் இறுகிப்போன ஒயர் உறை, சர்வீஸ் சென்டரில் வண்டியைத் தூக்கிப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.