எல்.எல்.ஆர் டெஸ்ட்: கேள்வி வங்கியை இப்படிப் பிரிச்சுப் படிங்க!

எங்க பக்கத்து வீட்டு அக்கா 15 வருஷமா ஸ்கூட்டர் ஓட்டுறவங்க. கார் கத்துக்கலாம்னு எல்.எல்.ஆருக்குப் போனவங்க, கம்ப்யூட்டர் டெஸ்ட்ல தோத்துட்டு வந்தாங்க. நூத்துக்கணக்கான கேள்விகளை வரிசையா மனப்பாடம் பண்ணினதுதான் சிக்கல். பாஸாக 60 சதவிகிதம் போதும். ஆனா, ஒரே மாதிரி இருக்கிற குறியீடுகள்லதான் பலரும் மார்க்கை விடுறாங்க.

முதலில் வடிவம்

படத்தைப் பார்க்கும் முன் வடிவத்தைப் பாருங்கள். வட்டம் என்றால் கட்டளை. முக்கோணம் என்றால் எச்சரிக்கை. நீலச் செவ்வகம் என்றால் தகவல். இதற்கு இரண்டே முக்கிய விதிவிலக்குகள்: எண்கோணம் 'நில்', தலைகீழ் முக்கோணம் 'வழிவிடு'. இரண்டுமே கட்டளைதான்.

வட்டத்தில் விளிம்பைக் கவனிக்கணும். சிவப்பு விளிம்பு 'செய்யாதே' அல்லது 'இதைத் தாண்டாதே'. முழுக்க நீலம் என்றால் 'இதைத்தான் செய்யணும்'. அக்கா சறுக்கியது 'நோ பார்க்கிங்' குறியீட்டில். உள்ளே நீலமாக இருப்பதால் 'பார்க்கிங் உண்டு'ன்னு டிக் பண்ணிட்டாங்க. விளிம்பு சிவப்பாச்சே!

அதில் ஒரு குறுக்குக்கோடு இருந்தால் வண்டியை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது; அம்மாவை இறக்கிவிட்டு உடனே கிளம்பலாம். இரண்டு கோடுகள் பெருக்கல் குறியாக இருந்தால், அதற்குக்கூட நிற்கக் கூடாது.

குறியீட்டோடு விதியையும் சேருங்கள்

விதிகளைத் தனியாகப் படித்தால் மறந்துபோகும். உதாரணத்துக்கு, ரயில்வே கேட். முக்கோணத்துக்குள் கேட் படம் இருந்தால், ஆள் இருக்கும் கேட். இன்ஜின் படம் இருந்தால், ஆளில்லாத கேட். தடுக்க கேட் இல்லை, நேரே ரயில்தான் வரும் என்று நினைவில் வையுங்கள்.

இதோடு சேர்ந்து வரும் கேள்வி: 'ஆளில்லாத லெவல் கிராஸிங்கில் என்ன செய்வீர்கள்?' 'ஹாரன் அடித்து வேகமாகக் கடப்பேன்' என்ற பதில் பலரை இழுக்கும். சரியான பதில், வண்டியை நிறுத்தி, இறங்கிப்போய் இரண்டு பக்கமும் ரயில் வரவில்லை என்று பார்த்த பிறகே கடக்கணும். மோட்டார் வாகனச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. வண்டியில் நடத்துநரோ வேறு யாரோ இருந்தால் அவர் இறங்கிப் பார்க்கலாம். யாரும் இல்லையென்றால் ஓட்டுபவரே இறங்கணும்.

சிக்னலிலும் இதே முறைதான். விட்டு விட்டு எரியும் சிவப்பு: நின்று, பாதை காலியா என்று பார்த்துப் போகலாம். மஞ்சள்: வேகம் குறைத்து, கவனமாகப் போகலாம். சிக்னலே இல்லாத சந்திப்பில், வலப்பக்கம் வரும் வண்டிக்கு வழிவிடணும்.

அக்கா இப்படிப் பிரித்துப் படித்து, மறுபடி பணம் கட்டி எழுதி, பாஸாகிட்டாங்க. "15 வருஷமா அந்தப் பெருக்கல் குறி போர்டுக்குக் கீழதான் வண்டியை நிறுத்திட்டு காய் வாங்கியிருக்கேன்"னு சொன்னாங்க. இப்போ நிறுத்துறதில்லையாம்!